"மனமார்ந்த நன்றி" இல்லாமல் ஒரு நன்றி நவிலல் எழுதலாமா?

மண்டூர்மகள் — இரவு 8.40

அம்மா போய் இன்றைக்கு 17 நாள். 31ஆம் நாள் அமுதுக்கு அட்டை அடிக்க வேண்டும். அழைப்பு ஒரு பக்கம், நன்றி நவிலல் மறுபக்கம். அச்சகத்தில் மாதிரிப் புத்தகத்தைத் தந்து, "இதில ஒன்றைத் தெரிவு செய்யுங்க, பெயரை மட்டும் மாத்துவம்" என்றார்கள். நான் வாசித்துப் பார்த்தது இது:

"எமது அன்புத் தெய்வத்தின் பிரிவுச் செய்தி கேட்டு ஓடோடி வந்து எமது துயரில் பங்கு கொண்டோருக்கும், நேரிலும் தொலைபேசி மூலமும் அனுதாபம் தெரிவித்தோருக்கும், மலர்வளையம் சாத்தியோருக்கும், கண்ணீர் அஞ்சலிப் பிரசுரங்கள் வெளியிட்டோருக்கும், பல வழிகளிலும் உதவி புரிந்த அனைத்து நல் உள்ளங்களுக்கும் எமது மனமார்ந்த நன்றிகளைத் தெரிவித்துக் கொள்கின்றோம்."

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் போன வருசம் மாமா செத்தபோது வந்த அட்டையிலும் இதேதான். பக்கத்து வீட்டு அட்டையிலும் இதேதான். எங்கள் வீட்டில் யாரும் மலர்வளையம் சாத்தவும் இல்லை. வாசித்து முடித்த பிறகு, அம்மாவுக்காக வந்து நின்ற சனத்தில் ஒரு முகம்கூட எனக்குள் வரவில்லை.

"மனமார்ந்த நன்றி" என்பதற்குப் பதிலாகப் போடக்கூடிய, ஆனால் செயற்கையாகவும் கேட்காத ஒரு சொல் வேண்டும். வியாழக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

---

வாவிக்கரையான் — இரவு 9.05

அம்மாவின் ஆத்மா சாந்தியடையட்டும் தங்கச்சி.

"மனமார்ந்த" என்பது ஆங்கிலத்தைப் பார்த்து நாங்கள் செய்துகொண்ட சொல். அதுதான் ஒட்டாமல் நிற்கிறது. நல்ல தமிழில் எத்தனையோ இருக்கு: நெஞ்சார்ந்த, உளங்கனிந்த, இதயம் நிறைந்த, உள்ளத்தின் ஆழத்திலிருந்து. என்னைக் கேட்டால் "உளங்கனிந்த" போடுங்கள். அவ்வளவாக அடிபடாத சொல்.

---

அச்சுக்கூடம்_கல்முனை — இரவு 9.31

இதே தொழிலில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன். "உளங்கனிந்த", "நெஞ்சார்ந்த" இரண்டும் எங்கள் மாதிரிப் புத்தகத்திலேயே இருக்கு. "மனமார்ந்த" அலுத்தவர்கள் அடுத்ததாக எடுப்பது அவைதான். அதனால் அவையும் அடிபட்ட சொற்கள்தான்.

மாதிரி ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செத்தவீட்டுக்காரர் எங்களிடம் வரும்போது நித்திரை இல்லாத கண்ணோடு வருவார்கள். எழுதச் சொன்னால் அழுவார்கள். ஒருவர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் சும்மா இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு மாதிரி ஒரு பெரிய உதவி. அதோடு, பெயர் போடப் போனால் ஒரு பெயர் விடுபடும், அதில் வருகிற மனஸ்தாபம் வருசக்கணக்கில் தீராது. "பல வழிகளிலும் உதவி புரிந்த அனைவருக்கும்" என்றால் ஒருவரும் விடுபடமாட்டார்.

இடக்கணக்கு வேண்டுமென்றால்: A5 தாளை இரண்டாக மடித்தால் ஒரு பக்கத்தில் 12 புள்ளி எழுத்தில் 15, 16 வரி வசதியாக நிற்கும். வரிக்கு நாலைந்து சொல். மொத்தம் 60, 70 சொல்லுக்குள் முடித்தால் வயசானவர்களும் கண்ணாடி தேடாமல் வாசிப்பார்கள்.

---

சுண்ணக்கட்டி — இரவு 10.12

மகள், ஆழ்ந்த அனுதாபம். 34 வருசம் தமிழ் படிப்பித்தவன், ஓய்வில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாவிக்கரையானுக்கு. "மனமார" ஆங்கிலத்தில் இருந்து வந்ததல்ல. ஆர்தல் என்றால் நிறைதல். வயிறாரச் சாப்பிட்டான், வாயார வாழ்த்தினா, கண்ணாரக் கண்டேன் என்கிறோமே, அந்த வரிசையில் வந்த சொல் அது. நம் வீட்டுச் சொல்தான். ஆனால் அது ஒட்டாமல் நிற்கிறது என்று நீங்கள் உணர்ந்தது சரி. அதற்குக் காரணம் வேறு.

"வயிறாரச் சாப்பிட்டான்" என்பதில் "ஆர"வுக்குப் பின்னால் ஒரு வேலை வருகிறது. சாப்பிடுகிறான், வயிறு நிறைகிறது. "வாயார வாழ்த்தினா" என்பதில் வாழ்த்துகிறா, வாய் நிறைகிறது. அட்டையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "மனமார" என்பதை "மனமார்ந்த" என்று ஆக்கி ஒரு பெயரின் தலையில் வைத்துவிட்டோம். வினைக்கு "தெரிவித்துக் கொள்கின்றோம்" வருகிறது. அறிவித்தல் பலகையில் தண்ணீர் வெட்டைத் தெரிவிப்பதும் அதே வினைதான். மனம் நிறைவதற்கு அந்த வாக்கியத்தில் ஒரு வேலையும் இல்லை. ஆகவே "மனமார்ந்த"வைத் தூக்கி "உளங்கனிந்த"வை வைத்தாலும் கதிரை அதே கதிரை, ஆள்தான் வேறு.

இரண்டாவது, "நன்றி" என்ற சொல். இன்றைக்கு அதை ஓர் உணர்வு என்று நினைக்கிறோம். "தினைத்துணை நன்றி செயினும்" என்று குறள் தொடங்குகிறது. உணர்வைச் செய்ய முடியுமா? அங்கே நன்றி என்பது ஒருவர் மற்றவருக்குச் செய்த நல்ல காரியம். "நன்றி மறப்பது நன்றன்று" என்பதும், எனக்கு ஒருவர் செய்த நல்லதை நான் மறப்பது நல்லதல்ல என்பதுதான். நவிலல் என்றால் சொல்லுதல். அந்தப் பொருளை வைத்துக்கொண்டு உங்கள் அட்டையின் தலைப்பை வாசித்துப் பாருங்கள். நன்றி நவிலல்: அவர்கள் செய்த நல்லதை எடுத்துச் சொல்லுதல்.

மாதிரியில் அதுதான் இல்லை. யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நீங்கள் சொல் தேட வேண்டாம் மகள். அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

---

போரதீவுப்பொடியன் — இரவு 10.30

அப்ப நன்றியே போட வேணாம் என்று சொல்றீங்களா சேர்? செத்தவீட்டுக்கு வந்தவைக்கு நன்றி சொல்லக் கூடாது என்று எங்கட அப்பம்மாவும் சொல்லுவா. போகேக்க "போய்ட்டு வாறன்" என்றுகூடச் சொல்றதில்லையே.

---

சுண்ணக்கட்டி — இரவு 10.41

இல்லை தம்பி. செத்தவீட்டு வாசலில் சொல்லிக்கொண்டு போவதில்லை, அது வேறு வழக்கம். இது 31ஆம் நாள் அட்டை. அதில் நன்றி போட வேண்டும், போடத்தான் வேண்டும். எப்படிப் போடுவது என்றுதான் அந்தப் பிள்ளை கேட்கிறா.

---

தூரத்துப்பிள்ளை — அதிகாலை 2.18

நான் கனடாவில் இருக்கிறேன், சொந்த ஊர் செட்டிபாளையம். மூன்று வருசத்துக்கு முன் அப்பா போனபோது எனக்கு விசா சிக்கல், வரமுடியவில்லை. தம்பி கைத்தொலைபேசியைப் பந்தல் காலில் கட்டி வைத்துவிட்டான். இரவு முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை எடுக்கும்போது யாரோ மறைத்துவிட்டார்கள், ஒரு முதுகுதான் தெரிந்தது. அந்த நீல நிறச் சேட்டு இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு அட்டை வந்தது. அதில் "தொலைபேசி மூலம் அனுதாபம் தெரிவித்தோருக்கும்" என்று ஒரு துண்டு. தம்பியைக் குறை சொல்லவில்லை, அவனும் மாதிரியைத்தான் எடுத்தான். ஆனால் அந்தத் துண்டுக்குள் நான் இருக்கிறேனா, என்னோடு சேர்ந்து அழுத மச்சாள்மார் இருக்கிறார்களா என்று யோசித்தேன். நாங்கள் அனுதாபம் தெரிவிக்கவில்லை. எங்கள் அப்பாதான் செத்தது.

தங்கச்சி, வெளியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வரி எழுதினால், அவர்கள் அந்த இரவு என்ன செய்தார்கள் என்று ஒருக்கா நினைத்துப் பார்த்து எழுதுங்கள்.

---

மண்டூர்மகள் — காலை 6.55

எல்லாருக்கும் வணக்கம். சேர் சொன்னதை இரவு முழுக்க யோசித்தேன். கொப்பியில் எழுதியது இது. சரியா பாருங்கள்:

"கண்ணீர்க் கடலில் தத்தளித்த எமக்குக் கலங்கரை விளக்கமாய் நின்றவர்களே! இருண்ட எம் வானில் விடிவெள்ளியாய் வந்தவர்களே! உங்கள் பாதங்களில் எம் நன்றிப் பூக்களைத் தூவுகிறோம்."

எழுதும்போது அழுகை வந்தது. இப்போது வாசித்தால் ஏதோ மேடையில் யாரோ பேசுவதுபோல் இருக்கிறது.

---

வாவிக்கரையான் — காலை 7.20

நல்லாத்தான் இருக்கு தங்கச்சி, கவிதைபோல. நான் என்றால் இதையே போடுவேன்.

---

சுண்ணக்கட்டி — காலை 8.02

உங்கள் கடைசி வசனம்தான் சரியான தீர்ப்பு மகள். எழுதும்போது வந்த அழுகை உண்மையானது. ஆனால் அது தாளில் இறங்கவில்லை, இடையில் கலங்கரை விளக்கம் வந்து மறித்துவிட்டது. நைந்த சொல்லைத் தூக்கினால் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் வந்து நிற்பது இப்படி ஒரு அலங்காரம்தான். அதுவும் நைந்ததுதான், கொஞ்சம் மினுக்கி வைத்திருப்பதால் புதிதுபோல் தெரிகிறது.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுப்பேன். எழுதியதை எடுத்து வேறு ஒரு வீட்டு அட்டையில் வையுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் அப்படியே பொருந்துகிறதா? பொருந்தினால் அதில் உங்கள் அம்மா இல்லை. கலங்கரை விளக்கம் எந்த வீட்டுக்கும் பொருந்தும். அதோடு மண்டூரில் கலங்கரை விளக்கம் ஏது, உங்களுக்கு வாவிதானே.

இப்போது கொப்பியை மூடிவிட்டு எனக்குப் பதில் சொல்லுங்கள். அம்மா எப்போது போனா? முதலில் வந்தது யார்? அவர்கள் கையில் என்ன இருந்தது?

---

மண்டூர்மகள் — காலை 8.47

இரவு பதினொன்றரை சேர். நல்ல மழை. கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு மாமி அரிக்கன் லாம்போடு வந்தா. குருமண்வெளிப் பக்கத்துச் சொந்தங்கள் இரவோடு இரவாக வர முடியவில்லை, விடிந்ததும் வாவியைக் கடக்கிற முதல் பாதைப் படகில் ஏறி வந்தார்கள். குடை பிடித்தும் எல்லாரும் நனைந்துதான் வந்து இறங்கினார்கள். நாங்கள் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை, ஆனால் விடிய ஆறு மணிக்குப் பந்தல் கம்பும் கதிரையும் வந்துவிட்டது. யார் காசு கொடுத்தது என்று இன்னும் தெரியாது. எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மாமி வீட்டிலும் எதிர் வீட்டிலும் முறை வைத்துச் சமைத்தார்கள். கடைசித் தங்கச்சி மீன் இல்லாமல் சாப்பிடமாட்டாள், மரக்கறிதானே என்று மாமி அவளுக்குப் பப்படம் தனியாகப் பொரித்துக் கொண்டுவந்தா.

மயானத்தில் மண் சேறு. வெட்ட வெட்டத் தண்ணி ஊறியது. பெடியன்கள் வாளியால் இறைத்து இறைத்து வெட்டினார்கள். அவர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியவே தெரியாது.

அண்ணன் கட்டாரில். அவன் தொலைபேசியை வைக்கவே இல்லை. பேசவும் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

---

சுண்ணக்கட்டி — காலை 9.10

நன்றி நவிலல் எழுதியாயிற்று மகள். இனி வெட்டுவதுதான் வேலை.

---

நெல்வயல்_சம்மாந்துறை — காலை 10.26

வாசித்துக் கண் கலங்கிவிட்டது சகோதரி.

சேர் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்குக் கேள்வி. அடிக்கடி சொல்வதால் ஒரு சொல் நைந்துவிடும் என்கிறோம். நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் "ஜஸாகல்லாஹு கைரா" சொல்கிறோம். கடையில் மிச்சக் காசு வாங்கும்போதும் சொல்கிறோம், மையித்து வீட்டிலும் சொல்கிறோம். அது எனக்கு நையவில்லை. எங்கள் உம்மாவுக்கு ஒரு பெரியவர் ஜனாஸா வேலையெல்லாம் பார்த்துத் தந்தார். அவருக்கு அதைத் தவிர வேறு எது சொல்லியிருந்தாலும் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

---

சுண்ணக்கட்டி — காலை 11.03

மிக நல்ல கேள்வி தம்பி. நான் அடிக்கடி வருவதால் நைகிறது என்று எழுதவில்லை, ஆனால் அப்படித் தொனித்திருக்கலாம்.

உங்கள் சொல்லில் ஒரு வேலை நடக்கிறது. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும் என்று கேட்கிறீர்கள். கேட்பவர் இருக்கிறார், கொடுப்பவன் இருக்கிறான், பெறுபவர் இருக்கிறார். அது துஆ. எங்கள் ஊர்க் கிழவிகள் "நல்லா இருப்பாய் மனே" என்பதும் அப்படித்தான். அதை ஆயிரம் தரம் கேட்டிருப்பேன், ஒரு தரமும் அலுக்கவில்லை. அது என் தலையில் கை வைத்துச் சொல்லப்பட்டது. "மனமார்ந்த நன்றிகளைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எந்தக் கிழவியும் எந்த வாசலிலும் சொல்லி நான் கேட்டதில்லை. எழுத்தில் மட்டும் வாழ்கிற சொல் அது.

ஆனால் உங்கள் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. துஆவும் வாய்ப்பழக்கமாகிப் பொருள் போய்விடும் என்று உங்கள் மௌலவிமாரே சொல்வார்கள். எங்கே கோடு என்று எனக்குத் தெரியவில்லை.

---

உயர்தரம்2 — பகல் 12.15

எல்லாரும் மன்னிக்கணும், இடையில் வாறன். எங்கட பாடசாலையில் அதிபருக்குப் பிரியாவிடை. நன்றியுரை என் தலையில் விழுந்திருக்கு. நானும் அதிபர் செய்த வேலையை எல்லாம் சொல்லி, "மனமார்ந்த" இல்லாமல் முடிக்கலாமா? வலயக் கல்விப் பணிப்பாளரும் வருவார்.

---

அச்சுக்கூடம்_கல்முனை — பகல் 12.50

தங்கச்சி, மேடை நன்றியுரை வேறு சங்கதி. அங்கே யாரை முதலில் சொல்வது, யாரைப் பிறகு சொல்வது என்பது எழுதாத சட்டம். பணிப்பாளர், அதிபர், பிரதி அதிபர், பெற்றோர், பந்தல்காரர் வரை ஒருவரையும் விடாமல் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் கதை சொல்லப் போனால் சனம் எழும்பிவிடும்.

---

சுண்ணக்கட்டி — பகல் 1.05

உண்மை. பட்டியல் பட்டியலாகவே இருக்கட்டும், வெறும் "நன்றி" போதும், அடைமொழி தேவையில்லை. அதிபருக்கு மட்டும் ஒரு காட்சி வையுங்கள் பிள்ளை. அவர் செய்த ஒரு காரியம், உங்கள் கண்ணால் கண்டது. ஒன்று போதும். வெள்ளம் வந்த வருசம் அவர் என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள், நிச்சயமாக ஏதாவது இருக்கும்.

---

மண்டூர்மகள் — பகல் 2.34

சேர், இரண்டாவது தரம் எழுதியிருக்கிறேன்:

"அம்மா கண்மூடிய இரவில் அரிக்கன் லாம்போடு வந்தவர்களுக்கும், விடிந்ததும் முதல் பாதையில் ஏறி நனைந்து வந்தவர்களுக்கும், நாங்கள் கேட்காமலே பந்தலும் கதிரையும் கொண்டுவந்தவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் தங்கள் அடுப்பில் எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தவர்களுக்கும், தண்ணி ஊறிய மண்ணில் வாளியால் இறைத்துக் கிடங்கு வெட்டியவர்களுக்கும், தொலைபேசியில் எங்களோடு விழித்திருந்தவர்களுக்கும் எங்கள் நன்றி."

---

தூரத்துப்பிள்ளை — பகல் 2.51

"எங்களோடு விழித்திருந்தவர்கள்". இந்த ஒரு சொல்லுக்கு நான் உங்களுக்கு நன்றி சொல்கிறேன் தங்கச்சி. மூன்று வருசமாக எனக்குக் கிடைக்காத சொல்.

---

சுண்ணக்கட்டி — பகல் 3.20

சரக்கு எல்லாம் வந்துவிட்டது. வடிவம் இன்னும் மாதிரியின் வடிவம். "-களுக்கும், -களுக்கும்" என்று ஆறு தரம் வருவதைக் கவனியுங்கள். ஒரே வாக்கியம். வாசிக்கிறவர் கடைசி வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார், ஒவ்வொரு காரியத்திலும் நிற்க அவருக்கு நேரம் இல்லை. "வந்தவர்களுக்கும்" என்னும்போது அவர்கள் எங்கோ தள்ளி நிற்கிற படர்க்கை ஆட்களாகிவிடுகிறார்கள். அட்டை போவது அவர்கள் கைக்குத்தானே? அவர்களோடு கதையுங்கள். "வந்தீர்கள்". முற்றுப்புள்ளி. "சமைத்தீர்கள்". முற்றுப்புள்ளி.

முடிவில் வெறும் "நன்றி" மொட்டையாக நிற்கிறது என்று தோன்றினால், எங்கள் ஊரில் உதவி செய்தவருக்கு உண்மையில் என்ன சொல்வோம் என்று யோசியுங்கள். "என்றென்றும் கடமைப்பட்டுள்ளோம்" என்பது அட்டையில் மட்டும் வரும். வாயால் சொல்வது "உங்கட நல்லது கெட்டதுக்கு நாங்களும் நிற்பம்" என்பதுதான். இரண்டும் ஒரே சங்கதி. ஆனால் முதலாவது எங்கேயோ தொங்குகிறது. இரண்டாவது, நாளைக்கு மாமி வீட்டில் ஒரு காரியம் என்றால் நீங்கள் லாம்பு எடுத்துக்கொண்டு போவீர்கள் என்கிற வாக்கு. போவீர்கள் என்றால் மட்டும் எழுதுங்கள்.

---

மண்டூர்மகள் — மாலை 5.12

போவேன் சேர்.

இதுதான் இப்போது இருப்பது:

"அம்மா கண்மூடிய இரவு நல்ல மழை. இருட்டில் லாம்போடு வந்தீர்கள். விடிந்ததும் முதல் பாதையில் நனைந்து வந்தீர்கள். பந்தலும் கதிரையும் நாங்கள் கேட்காமலே வந்து சேர்ந்தன. எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் உங்கள் அடுப்பில் எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தீர்கள். தண்ணி ஊறிய மண்ணில் இறைத்து இறைத்துக் கிடங்கு வெட்டினீர்கள். வர முடியாத தூரத்தில் இருந்தவர்கள் தொலைபேசியில் எங்களோடு விழித்திருந்தீர்கள். இதை நாங்கள் மறக்கமாட்டோம். உங்கள் நல்லது கெட்டதில் நாங்களும் நிற்போம். நன்றி."

எண்ணிப் பார்த்தேன், 60 சொல்லுக்குள் நிற்கிறது.

---

அச்சுக்கூடம்_கல்முனை — மாலை 5.40

அளவு சரி. ஒரு பெயரும் இல்லை, அதனால் பெயர் விடுபட்ட மனஸ்தாபமும் வராது. ஆனால் லாம்பு கொண்டுவந்தவ தன்னை அடையாளம் கண்டுகொள்வா, கிடங்கு வெட்டின பொடியனும் கண்டுகொள்வான். இத்தனை வருசம் பெயரா பொதுவா என்று இரண்டு வழிதான் எனக்குத் தெரிந்திருந்தது. இது மூன்றாவது வழி. எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் இனி "வந்தவர்கள் என்ன செய்தார்கள்?" என்று ஒருக்கா கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

ஒரு கவலை. மலர்வளையம் கொண்டுவந்தவர், துண்டுப்பிரசுரம் அடித்தவர் எல்லாம் சங்கம், கழகம் என்று இருப்பார்கள். அவர்கள் தங்கள் வரியைத் தேடுவார்கள். உங்களுக்கு மலர்வளையம் வரவில்லை என்றீர்கள், நல்லது. வந்திருந்தால் ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

அடுத்தது, "கிடங்கு". அமுது அட்டையில் அந்தச் சொல்லை நான் அடித்ததே இல்லை. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

---

வாவிக்கரையான் — மாலை 6.15

எனக்கும் அந்தச் சொல் இடிக்குது. "நல்லடக்கப் பணிகளில் உதவினீர்கள்" என்று போட்டால் மரியாதையாக இருக்கும். மற்றதெல்லாம் நான் முதலில் சொன்னதைவிட எவ்வளவோ மேல், ஒப்புக்கொள்கிறேன்.

---

நெல்வயல்_சம்மாந்துறை — மாலை 6.33

"நல்லடக்கப் பணிகளில் உதவினீர்கள்" என்றால் வாளி போய்விடும் அண்ணன். சேறு போய்விடும். அந்தப் பொடியன்களும் போய்விடுவார்கள்.

---

சுண்ணக்கட்டி — மாலை 7.04

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கு. "நல்லடக்கப் பணி" மாதிரிப் புத்தகத்துக்குத் திரும்பிப் போகிற வழி, அதை நான் எடுக்கமாட்டேன். ஆனால் அட்டை வீட்டில் சுவரில் செருகி வைக்கப்படும், சின்னப் பிள்ளைகள் வாசிக்கும், அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் "கிடங்கு" என்று நிற்கும். தாங்குவீர்களா என்பது உங்கள் வீட்டுக்காரர் சொல்ல வேண்டியது. "தண்ணி ஊறிய மண்ணில் இறைத்து இறைத்து இடம் செய்து தந்தீர்கள்" என்றும் போடலாம். கொஞ்சம் மங்கும், ஆனால் வாளிச் சத்தம் கேட்கும்.

"அமரர்", பிறந்த திகதி, போன திகதி, அமுதுக்கான அழைப்பு, இவற்றில் கை வைக்காதீர்கள். அவை எல்லா அட்டையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியவை. சனம் அதில் திகதியையும் நேரத்தையும்தான் தேடும்.

---

மண்டூர்மகள் — இரவு 9.25

இப்போதுதான் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவின் மூத்த அக்கா, 81 வயது. கண் தெரியாது, காது நல்லாக் கேட்கும்.

முதலில் அச்சகத்து மாதிரியை வாசித்தேன். "ம்" என்றா, வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தா. பிறகு எங்களுடையதை வாசித்தேன். "லாம்போடு" என்றதும் கை நின்றது. "அது மாமிதானே?" என்றா. "முதல் பாதையில்" என்றதும், "தம்பி அன்றைக்குச் செருப்பைப் பாதையிலேயே விட்டுட்டு வந்துட்டான்" என்றா. அது எனக்கே தெரியாது.

"எங்கள் அடுப்பு எரியாத நாட்களில்" என்றபோது மறித்தா. "எத்தனை நாள் என்று போடு புள்ள. மூணு நாள். நாலாம் நாள் வெள்ளண நீதானே மூட்டினாய், எனக்குத் தேத்தண்ணி தந்தாயே" என்றா. உண்மைதான். மாதிரியை வாசித்தபோது அவவுக்குத் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. "எங்கள் அடுப்பு எரியாத மூன்று நாளும்" என்று மாற்றிவிட்டேன்.

கிடங்கைப் பற்றிக் கேட்டேன். கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வெட்டினவங்களுக்குத்தானே சொல்றாய், அவங்க அதைக் கிடங்கு என்றுதானே சொல்லுவாங்க" என்றா. அண்ணனுக்குக் கட்டாருக்கு அனுப்பினேன். அவன் "வேண்டாம், அம்மாவுக்கு அந்தச் சொல் வேண்டாம்" என்று குரல்பதிவு போட்டிருக்கிறான். இன்றிரவு அவனோடு திரும்பக் கதைக்க வேண்டும்.

---

அச்சுக்கூடம்_கல்முனை — இரவு 9.48

அவசரப்பட வேண்டாம் தங்கச்சி. அந்த ஒரு வரியை இரண்டு விதமாகவும் எழுதி உங்கள் அச்சகத்தில் கொடுங்கள், மாதிரிப்படி எடுத்துத் தருவார்கள். தாளில் பார்க்கும்போது அண்ணனுக்கும் உங்களுக்கும் தெரிந்துவிடும். "நவிலல்" என்பதில் லகரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், அடிக்கடி "நவிழல்" என்று அடித்துவிடுவார்கள்.

---

மண்டூர்மகள் — இரவு 11.02

அண்ணனோடு கதைத்தேன். அந்த வரியை அவன் முடிவுக்கே விட்டுவிட்டேன், விடியச் சொல்கிறேன் என்றான். மற்ற எல்லா வரியையும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டான். "தொலைபேசியில் எங்களோடு விழித்திருந்தீர்கள்" என்ற இடம் வந்ததும் முந்தி மாதிரியே ஒன்றும் பேசாமல் இருந்தான். நானும் தொலைபேசியை வைக்கவில்லை.